டார்க் சாக்லேட்டும் இதய நலமும்

டார்க் சாக்லேட் என்பது கொக்கோ விதையை அரைத்தெடுத்த கூழ், கொக்கோ வெண்ணெய், சர்க்கரை ஆகியவை சேர்ந்த கட்டி. பால் சாக்லேட்டில் இருப்பதுபோல் இதில் பால்மாவு பெரும்பங்கு வகிப்பதில்லை. இதயத்துக்கு நல்லது என்ற பெயர் இதற்குக் கிடைத்ததற்குக் காரணம், கொக்கோ விதையில் உள்ள ஃபிளவனால்கள் என்னும் கசப்பான, துவர்ப்பான பொருள்கள். அவற்றுள் மிகவும் ஆராயப்பட்டது எபிகேட்டெச்சின். தேயிலையிலும் ஆப்பிளிலும் இது உண்டு. ஆனால் பதப்படுத்தாத கொக்கோ விதையில் இருக்கும் அளவுக்குச் செறிவாக இருக்கும் உணவுகள் குறைவு. ஃபிளவனால் பற்றிய நல்ல செய்தியையும் கடையில் விற்கும் சாக்லேட்டையும் ஒன்றாகக் கருதுவதிலேயே இத்துறையின் குழப்பம் பெரும்பாலும் தொடங்குகிறது.

குனா மக்கள்

பனாமா நாட்டின் கரீபியக் கரையை ஒட்டிய சான் பிளாஸ் தீவுகளில் குனா என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்கள் பகுதி இன்று குனா யாலா எனப்படுகிறது. பனாமாவில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் பி. எச். கீன் 1944இல் இவர்களின் ரத்த அழுத்தத்தை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அது அசாதாரணமாகக் குறைவாக இருந்தது. வயது ஏறினால் ரத்த அழுத்தமும் ஏறும் என்பது மருத்துவம் இயல்பாக ஏற்றுக்கொண்ட ஒன்று; இந்தத் தீவுகளில் அது ஏறவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த நார்மன் ஹாலன்பர்க் அங்கே போனார். உயர் ரத்த அழுத்தம் வராமல் காக்கும் மரபணு ஒன்று இம்மக்களிடம் இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். தீவில் வாழும் குனாக்களையும், பிழைப்புக்காகப் பனாமா நகரத்துக்குக் குடிபெயர்ந்த குனாக்களையும் அவர் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தனர். 1997இல் வெளியான அந்த முடிவு மரபணுக் கருத்தைக் கைவிட வைத்தது. நகரத்துக்கு வந்தவர்களில் சுமார் 11 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. 60 வயதைக் கடந்தவர்களிடம் அது 45 விழுக்காடு. அதே ரத்தம், அதே குலம். இடம் மாறியதும் காப்பும் போய்விட்டது.

அப்படியானால் தீவில் இருந்து நகரத்தில் இல்லாமல்போனது எது? உப்பு காரணமில்லை, தீவுவாசிகளும் உப்பைக் குறைத்து உண்பவர்கள் அல்லர். கண்ணில் பட்ட பெரிய வேறுபாடு கொக்கோ. தீவில் அதிகம் பதப்படுத்தாத கொக்கோவைக் காய்ச்சி நாள் முழுக்கக் குடித்தார்கள். நாலைந்து கோப்பை சாதாரணம். நகரத்துக்குப் போனவர்கள் கடைத்தூளுக்கு மாறினார்கள், அதையும் குறைவாகவே குடித்தார்கள். தீவில் மீனும் வாழைக்காயும் உடலுழைப்பும் சேர்ந்தே இருந்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இருந்தாலும் இன்றைய கொக்கோ ஆராய்ச்சிக்கு இந்தத் தீவுகளே பிறப்பிடம்.

ரத்தக்குழாயில் நடப்பது

தமனியின் உட்சுவரில் ஒரே அடுக்காக உயிரணுக்கள் படிந்துள்ளன. குழாய் விரிய வேண்டிய நேரத்தில் இவை நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கும். அதனால் சுற்றியுள்ள தசை தளர்ந்து, குழாய் அகலும். வயது, புகை, சர்க்கரை நோய் ஆகியவை இந்தச் சுரப்பைக் குறைக்கின்றன. எபிகேட்டெச்சின் அதைக் கூட்டுகிறது.

இதை நேரடியாக அளக்க முடியும். கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்திவைத்து, பிறகு அவிழ்த்துவிட்டு, முழங்கைக்கு மேலுள்ள தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேன் கருவியில் பார்ப்பார்கள். ஃபிளவனால் செறிந்த கொக்கோவைக் குடித்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அந்த விரிவு கூடிவிடுகிறது. சில மணி நேரத்தில் மங்குகிறது. பலமுறை பல இடங்களில் கண்ட முடிவு இது, ஐயத்துக்கு இடமில்லை.

ரத்த அழுத்தத்தில் விளைவு சிறியது. 35 சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுரையில் சராசரிக் குறைவு 2 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தது. அந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 670 மில்லிகிராம் ஃபிளவனால் உட்கொண்டனர். சோதனைகள் 2 முதல் 18 வாரம் வரையே நீடித்தன.

விதையிலிருந்து கட்டி வரை

கொக்கோக் காயை உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் விதைகள் இருக்கும். பறித்தவுடன் ஒரு விதையைக் கத்தியால் நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஊதா நிறம். நாக்கில் வைத்தால் பச்சைப் பாக்கைவிடக் கடுமையாகத் துவர்க்கும். அந்தத் துவர்ப்பே ஃபிளவனால்.

விதைகளைப் பெட்டியில் போட்டு வாழையிலையால் மூடி ஐந்து முதல் ஏழு நாள் புளிக்க விடுகிறார்கள். குவியல் சூடேறி, விதை செத்து, ஊதா நிறம் பழுப்பாக மாறுகிறது. வெட்டிய ஆப்பிள் கறுப்பதும் இதே வகை மாற்றமே. கொள்முதல் செய்பவர்கள் காய்ந்த விதைகளை வெட்டி வரிசையாக வைத்துப் பார்ப்பார்கள். பழுப்பாக இருந்தால் நல்ல சரக்கு; ஊதாவாக இருந்தால் புளிப்பு போதவில்லை என்று விலையைக் குறைப்பார்கள். சாக்லேட்டின் மணத்துக்கு அவர்கள் செய்வது சரி. ஆனால் ஃபிளவனால் மிகுந்திருப்பது அந்த ஊதா விதையில்தான். வறுக்கும்போது மேலும் ஒரு பங்கு போகிறது. நல்ல சுவையும் மிகுந்த ஃபிளவனாலும் ஒரே கட்டியில் அமைவது கடினம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இதைவிடப் பெரிய இழப்பு காரம் சேர்ப்பதால் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் நிறுவனம் புகழ்பெறச் செய்த முறை இது. பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரத்தைச் சேர்த்தால் கொக்கோத் தூளின் புளிப்பு நீங்கும், நிறம் கருக்கும், பாலில் எளிதில் கலக்கும். 2008இல் வெளியான ஒரு பரிசோதனையில், காரம் சேர்க்காத தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. மிகுந்த காரம் ஏற்றிய தூளில் இருந்தது 3.9. இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் தூளைக் கலக்கினால் முதலாவதில் 170 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். இரண்டாவதில் 20 மில்லிகிராம்கூடத் தேறாது. கருத்த நிறம் செறிவின் அடையாளம் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது.

உறையில் அச்சிடும் விழுக்காடும் ஏமாற்றக்கூடியது. 70 விழுக்காடு என்றால் கொக்கோக் கூழும் கூடுதலாகச் சேர்த்த கொக்கோ வெண்ணெயும் சேர்ந்து 70. ஃபிளவனால் இருப்பது கொழுப்பு நீங்கிய பகுதியில். வெண்ணெயில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. கூழில் ஏறத்தாழப் பாதி வெண்ணெய். ஆகவே 70 பங்கும் கூழாக உள்ள கட்டியில் ஃபிளவனால் தாங்கும் பகுதி சுமார் 35; 55 கூழும் 15 வெண்ணெயும் சேர்ந்த கட்டியில் 27 அல்லது 28. இரண்டின் உறையிலும் இருப்பது ஒரே எண்.

காஸ்மாஸ் ஆய்வு

ரத்தக்குழாய் விரிவது ஒன்று, மாரடைப்பு குறைவது வேறொன்று. இரண்டாவதைச் சோதிக்க, பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனை ஆய்வாளர்கள் காஸ்மாஸ் என்ற பெரும் ஆய்வை நடத்தினர். 60 வயதைக் கடந்த ஆண்களும் 65ஐக் கடந்த பெண்களுமாக அமெரிக்கர்கள் 21,442 பேர் இதில் பங்கேற்றனர். பாதிப் பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனால், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மார்ஸ் சாக்லேட் நிறுவனத்தின் ஒரு பிரிவும் இதற்கு நிதி தந்தது. சராசரியாக மூன்றரை ஆண்டுக்கும் மேல் தொடர்ந்த இந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது.

மாரடைப்பு, பக்கவாதம் முதலிய நிகழ்வுகள் அனைத்தையும் கூட்டிப் பார்த்ததில் ஃபிளவனால் குழுவில் 410, மற்றக் குழுவில் 456. 10 விழுக்காடு குறைவு. புள்ளியியல் கணக்கில் இது தற்செயலாகவும் அமையக்கூடிய வேறுபாடு. இதய, ரத்தக்குழாய் நோயால் நேர்ந்த மரணங்கள் மட்டும் 27 விழுக்காடு குறைந்திருந்தன. நம்பிக்கை தரும் முடிவு இது. ஆயினும் ஆய்வின் முதன்மைக் கேள்வி அது அல்ல. அவர்களுக்குக் கொடுத்தது சாக்லேட்டும் அல்ல, சர்க்கரையற்ற சாறு அடைத்த மாத்திரை.

எவ்வளவு உண்ணலாம்

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் 200 மில்லிகிராம் ஃபிளவனாலை ரத்தக்குழாயின் நெகிழ்வுக்குப் போதுமான நாளளவாக ஏற்றது. ஃபிளவனாலைக் காத்துத் தயாரித்த தனிவகைத் தூள் என்றால் இரண்டரை கிராமில், அத்தகைய சாக்லேட் என்றால் பத்து கிராமில் அது கிடைக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் தந்த அனுமதி இன்னும் குறுகியது: உயர் ஃபிளவனால் தூளுக்கு மட்டுமே பொருந்தும், அதுவும் சான்று மிகக் குறைவு என்ற குறிப்போடு.

கடையில் வாங்கும் சாதாரண டார்க் சாக்லேட் பத்து முதல் இருபது கிராம், அதாவது சிறிய இரண்டு துண்டு, உடல்நலமுள்ள பெரியவருக்கு நியாயமான அளவு. இருபது கிராமில் சுமார் 120 கலோரி, 5 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, ஏறத்தாழ அதே அளவு சர்க்கரை. இதை வேறொரு இனிப்புக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டும், கூடுதலாக அல்ல. 100 கிராம் கட்டி முழுவதையும் தின்றால் 600 கலோரியும் ஒருநாள் வரம்பைத் தாண்டும் நிறைவுற்ற கொழுப்பும் உள்ளே போகும். ரத்தக்குழாய்க்குக் கிடைத்த சிறு நன்மை அதில் கரைந்துவிடும்.

நோக்கம் ஃபிளவனால் என்றால் தூளே மேல். சிட்டையில் அமிலத்தன்மை சீராக்கி என்று போட்டு 500 அல்லது 501 என்ற எண் இருந்தால் காரம் சேர்த்தது என்று பொருள். பால் சேர்ப்பதால் பலன் பெரிதாகக் குறைவதில்லை. வாழைப்பழத்தோடு அரைத்துக் குடிப்பதைத் தவிர்க்கலாம். பழத்தைக் கறுக்க வைக்கும் நொதி ஃபிளவனாலையும் சிதைத்துவிடுகிறது.

அளவை மிஞ்சாதிருக்க இன்னொரு காரணம் காட்மியமும் ஈயமும். காட்மியத்தை மரம் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. ஈயம் பெரும்பாலும் அறுவடைக்குப் பின் காயவைக்கும்போது தூசியாக ஒட்டுகிறது. கொக்கோ கூடக் கூட இவையும் கூடும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் தினசரி வழக்கமாக்க வேண்டாம். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் உள்ளவர்களும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது.

இந்தியாவில் கொக்கோ 1798இல் குற்றாலத்தில் முதலில் நடப்பட்டது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்கிறது. இங்கு விற்கும் சாக்லேட்டின் உறையில் ஃபிளவனால் அளவைக் குறிக்க வேண்டும் என்ற விதி இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் சாக்லேட்டை நம்பி அதை நிறுத்தக் கூடாது.