அட்டைக்கு அழகு, உள்ளே தடங்கல்: அலங்கார எழுத்துருவைச் சோதிப்பது எப்படி?

அந்தியேட்டிக் கல்வெட்டுகள், நினைவு மலர்கள், சாட்சியத் தொகுப்புகள் பலவற்றில் அட்டைத் தலைப்பின் அலங்கார எழுத்துருவையே உள்ளே நீண்ட பந்திகளுக்கும் போட்டுவிடுகிறார்கள். நான்கு சொல் தலைப்பில் வளைவும் சாய்வும் அழகுதான். Kavivanar எழுத்துருவின் கையெழுத்துச் சாயல் எனக்கும் பிடிக்கும். ஆனால் எண்பது பக்கத்தை அந்தச் சாய்வில் வாசிக்கச் சொன்னால் முடியாது.

தமிழில் சிக்கல் பெரும்பாலும் சின்ன உறுப்புகளில்தான் வரும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரிப்பது ஒரு மேற்சுழி மட்டுமே. தடித்த எழுத்துருவைச் சிறிதாக்கினால் அந்தச் சுழி மை நிரம்பி அடைபடும். ‘ண’வின் சுழிகள் ஒட்டினால் ‘ன’ போலத் தெரியும். ‘ர’வின் கீழ்ச்சாய்வு மங்கினால் அது அரவு ஆகி, ‘தரம்’ என்பது ‘தாம்’ ஆகிவிடும். புள்ளியைப் பூவாகவோ கோடாகவோ வரைந்த எழுத்துருக்களில் மெய்யெழுத்தே தடுமாறும்.

கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது சோதனை அல்ல. நூலில் வரப்போகும் ஒரு பக்கத்தையே எடுத்து, வரப்போகும் அளவிலேயே, உதாரணமாக 11 புள்ளியில், அச்சிடுங்கள். அதைப் போட்டோகொப்பி எடுங்கள். நம் நூல்கள் பல கைகளுக்குப் போவது அப்படித்தான். இன்னொரு பக்கத்தை Noto Serif Tamil போன்ற சாதாரண எழுத்துருவில் தயாரியுங்கள். புள்ளி அளவை மட்டும் ஒப்பிட வேண்டாம். இரண்டிலும் ‘க’ ஒரே உயரம் வரும்படி சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு நியாயமாகாது. பாமினியில் தட்டச்சு செய்த பிரதியானால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

பிறகு அந்தப் பிரதியை முன்பு பார்க்காத ஒருவரிடம், முடிந்தால் அறுபது வயதைத் தாண்டியவரிடம், இரண்டையும் உரக்க வாசிக்கக் கொடுங்கள். அடுத்தவருக்கு வரிசையை மாற்றிக் கொடுங்கள். வாசிப்பவர் நின்ற இடம், திரும்பிப் போன இடம், பிழையாகச் சொன்ன சொல் ஆகியவற்றை உங்கள் பிரதியில் குறியுங்கள். நேரத்தை விட இந்தக் குறிகள்தான் அதிகம் சொல்லும். ஒரே எழுத்தில் இருவர் தடுக்கினால் குற்றம் வாசகரிடம் இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சொன்னவற்றைத் தொகுத்த ஒரு சிறுநூலின் மாதிரிப் பக்கத்தை இப்படிச் சோதித்தோம். ‘முகாம் வாசலில் மகனைக் கேட்டவர்’ என்ற வரியை வாசித்த அம்மா ‘கெட்டவர்’ என்று சொல்லி நின்றார். வசனத்தை மறுபடி பார்த்துத் திருத்திக்கொண்டார். அதே பக்கத்தில் ஊர்ப் பெயர்களை எல்லாம் சரியாகவே சொன்னார், ஏனென்றால் அவை அவருக்குத் தெரிந்தவை. தெரியாத ஆட்பெயர் வந்தபோது திருத்த வழியிருக்கவில்லை. பெயர்ப்பட்டியலில் ஓரெழுத்து மாறினால் வேறொரு குடும்பத்தின் பிள்ளையாகிவிடும்.

தொகுப்பாளர்கள் தலைப்புகளில் மட்டும் அந்த எழுத்துருவை விட்டு, உள்ளே Noto Serif Tamil எழுத்துருவுக்கு மாறினார்கள். நூல் ஆறு பக்கம் கூடியது.