அருகில் காலரா நோய் கண்டறியப்பட்டால்: குடிநீரும் வாய்வழித் தடுப்பு மருந்தும்

2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் வயிற்றுப்போக்கால் பலர் பாதிக்கப்பட்டு, காலராவும் உறுதியானதால், அங்கு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளி, கல்லூரிகள் மூன்று நாட்கள் மூடப்பட்டன. குடிநீர்க் குழாய்களில் கசிவு ஏற்பட்டு, கழிவுநீர் கலந்ததே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது.

இந்த ஆபத்து வெள்ளகோவில் உள்ளிட்ட எந்த ஊருக்கும் பொருந்தும். நீர் விட்டுவிட்டு வழங்கப்படும்போது, வராத நேரத்தில் குழாயினுள் அழுத்தம் குறைகிறது. அப்போது விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படலாம். எனவே குழாயில் முதலில் வரும் நீரைக் குடிப்பதற்குப் பிடிக்காதீர்கள். நிறமும் வாடையும் மாறாத நீரிலும் காலராக் கிருமி இருக்கக்கூடும். படிகாரம் கலங்கலைத் தெளிவிக்குமேயன்றி, கிருமியைக் கொல்லும் என நம்ப இயலாது.

நீர் தளதளவெனக் கொதித்த பின் ஒரு நிமிடம் தொடர்ந்து கொதிக்க விடுங்கள். குளோரின் மாத்திரை எனில், உறையில் குறிப்பிட்ட அளவு நீரில் இட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கலங்கிய நீர் குளோரினை விரைவில் தீர்த்துவிடும். ஆதலால் முதலில் தெளியவைத்து வடிகட்டுங்கள். குடிக்கும் இடத்தில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும்; சுகாதார ஆய்வாளர் குளோரோஸ்கோப் கொண்டு இதனைச் சோதித்துச் சொல்வார். சுத்திகரித்த நீரும் கை பட்டால் மீண்டும் மாசடையும். குறிப்பாக, விசைத்தறிக் கூடங்களில் பலர் ஒரே டிரம்மில் குவளையை முக்கி எடுப்பதைத் தவிர்த்து, மூடியும் குழாயும் உள்ள கலனைப் பயன்படுத்துங்கள்.

தடுப்பு மருந்து பயனுடையதா? பயனுடையதே, ஆனால் உடனடிப் பாதுகாப்பு அன்று. ஒருவர் திங்கட்கிழமை மாசடைந்த நீரைக் குடித்து, அன்றே மருந்தும் உட்கொண்டதாகக் கொள்வோம். நோய் 12 மணி நேரம் முதல் 5 நாட்களுக்குள், அதாவது சனிக்கிழமைக்குள் தோன்றிவிடும். மருந்தின் பாதுகாப்பு உருவாகவோ ஒரு வாரத்திற்கு மேல் ஆகலாம். ஒரு வயது நிறைந்தோருக்குக் குறைந்தது 14 நாள் இடைவெளியில் இரு தவணைகள் தரப்படுகின்றன. கொல்கத்தாவில் நடந்த ஆய்வில் ஐந்தாண்டுகளில் சுமார் 65 விழுக்காடு பாதுகாப்பு காணப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் அது குறைவு. ஆகவே, நல்ல நீர் விரைவில் கிடைக்க வாய்ப்பில்லாத பகுதியில் வாழ்வோருக்கும், நோய் பரவும் இடத்திற்குச் செல்வோருக்கும் இது ஏற்றது. குழாய்க் கசிவு சரிசெய்யப்பட்டு, நீரில் குளோரின் உறுதியான தெருவில் வசிப்போர், மருந்து கிடைக்கவில்லையென அலைய வேண்டியதில்லை.

அரிசி கழுவிய நீர் போல மிகுதியாக வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், மருந்து உட்கொண்டவராயினும் காத்திருக்கக் கூடாது; சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஒரு லிட்டர் பாதுகாப்பான நீரில் ஒரு முழு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்து, உடனே கொடுக்கத் தொடங்குங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, சிறிது சிறிதாக மீண்டும் கொடுங்கள். கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல் ஆகியவை தென்பட்டால், 108 ஊர்தியை அழைத்து, வழியிலும் நோயாளி விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்வரை கரைசலைக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள்.