காவேரிபுரம் கணவாய்: படைகள் நொடித்த பாதை (1768–1799)

காவேரிபுரம் கணவாய் என்பது கொங்கு நாட்டுச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் பழைய படைவழிகளுள் ஒன்று. மேட்டூருக்கு வடக்கே, காவிரியின் மேற்குக் கரையில் உள்ள காவேரிபுரத்தில் தொடங்கி, காவிரியில் கலக்கும் பாலாற்றின் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு மலைக்குள் நுழைகிறது. மலையேறி முடிந்ததும் முதலில் வரும் பெரிய ஊர் ஹனூர். அங்கிருந்து கொள்ளேகால் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடையலாம். ஹனூர் பழைய மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997இல் மாவட்டம் பிரிந்தபின் சாமராஜநகரைச் சேர்ந்தது. இன்று மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பக்தர்களும் மேட்டூர் பக்கத்து லாரிகளும் செல்லும் வழி அது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடந்த மைசூர்ப் போர்களில் இந்தப் பாதைக்குப் பங்கு உண்டு. பெரிய அரசுகளின் படைகள் ஏன் உடைகின்றன என்பதைக் காண வாட்டர்லூ வரை போக வேண்டியதில்லை. இந்த மலைச்சரிவே போதும்.

முதல் மைசூர்ப் போர் 1767இல் கூட்டணிக் குழப்பத்தோடு தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியோடு சேர்ந்து ஹைதர் அலியைத் தாக்கப் புறப்பட்ட ஹைதராபாத் நிஜாம், நடுவழியில் ஹைதர் பக்கம் போனார். செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் தோற்றபின், 1768 பிப்ரவரியில் மறுபடி கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். ஓராண்டுக்குள் இரண்டு முறை கட்சி மாறிய இந்த நண்பரைவிட, அந்த வெற்றிகள் கம்பெனிக்குத் தந்த மிதப்புதான் அதிகக் கேடு செய்தது.

1768இல் கர்னல் வுட் என்பவரைச் சேலம், கொங்குப் பகுதிகளைப் பிடிக்க மதராஸ் அரசு அனுப்பியது. அவருக்கு எதிர்ப்பு அதிகம் இல்லை. சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு, கரூர், தாராபுரம், கோயம்புத்தூர், திண்டுக்கல் என்று கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வடமேற்கே கெஜலட்டிக் கணவாயிலும் காவேரிபுரத்திலும்கூடக் கம்பெனிக் கொடி ஏறியது. மதராஸில் அதைப் பெரும் வெற்றியாகக் கொண்டாடினார்கள். உண்மையில் நடந்தது வேறு. பிடித்த ஒவ்வொரு கோட்டையும் வுட்டின் படையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டது. இங்கே ஒரு கம்பெனி சிப்பாய், அங்கே ஒரு லெப்டினன்டும் சில துப்பாக்கிகளும், இன்னோரிடத்தில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் சம்பளம் வராத ஆட்கள். கோட்டைகளிலோ தானியக் கிடங்கு கிடையாது. மதில்கள் பழுது பார்க்கப்படவும் இல்லை. ஒன்றுக்கு ஆபத்து வந்தால் இன்னொன்று உதவிக்கு வர முடியாத தூரம். வரைபடத்தில் விரிந்த நாடு தெரிந்தது; தரையில் போரிடக்கூடிய படை கரைந்துபோயிருந்தது.

ஹைதர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1768இன் கடைசியில் அவருடைய தளபதி ஃபஸலுல்லா கான் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கெஜலட்டி, காவேரிபுரம் கணவாய்களின் பக்கம் இறங்கினார். கம்பெனிப் படைத்தலைவர் கர்னல் ஸ்மித்தின் கண்ணில் படாமல் ஹைதரே பாரமகால் வழியாகத் தெற்கே வந்தார். சிறு காவல்படைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஈரோட்டுப் பக்கத்தில் கேப்டன் நிக்சனின் கீழிருந்த சுமார் 50 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும் வெட்டவெளியில் மாட்டிக்கொண்டு ஏறத்தாழ முழுவதும் அழிந்தனர். ஈரோட்டுக் கோட்டைத் தலைவர் கேப்டன் ஆர்ட்டன் பேச்சுவார்த்தைக்காக ஹைதரின் முகாமுக்குப் போனார். போனவர் கோட்டையை ஒப்படைத்தே தீர வேண்டியதாயிற்று. காவேரிபுரத்தில் கேப்டன் ஃபைசன் என்பவர் மட்டும் விடாமல் தாங்கி நின்றார். அவரும் தோற்று விழவில்லை; ஆர்ட்டன் எழுதி அனுப்பிய உத்தரவுக்குப் பணிந்தே சரணடைந்தார். வுட் பல மாதங்களில் பிடித்ததை ஹைதர் சில வாரங்களில் மீட்டுக்கொண்டார். அடுத்த மார்ச்சில் குதிரைப்படையோடு பறங்கிமலை வரை வந்து நின்று, மதராஸ் அரசை உடன்படிக்கைக்கு இழுத்தார். இரு தரப்பும் பிடித்த இடங்களைத் திருப்பித் தருவதென்று முடிவாயிற்று.

இருபத்திரண்டு ஆண்டு கழித்து 1790இல் அதே தவறு அதே இடத்தில் மறுபடி நடந்தது. கெஜலட்டி வழியாக மைசூருக்கு ஏறத் திட்டமிட்ட ஜெனரல் மெடோஸ், கரூரிலிருந்து சத்தியமங்கலம் வரை காவல்நிலைகளை நீட்டி வைத்தார். செப்டம்பரில் திப்பு சுல்தான் கணவாய் இறங்கி, சத்தியமங்கலத்தில் இருந்த கர்னல் ஃபிளாய்டைத் தாக்கிப் பின்வாங்க வைத்தார். பிறகு ஈரோட்டையும் தாராபுரத்தையும் எடுத்துக்கொண்டார். கம்பெனி ஆவணங்களை ஒழுங்காகச் சேர்த்து வைக்கும் நிறுவனம் என்று பெயர். அவற்றை யாராவது படித்தார்களா என்பது வேறு கேள்வி.

நீண்டுபோன வழங்கல் பாதை எப்படி ஒரு படையைக் கொல்கிறது என்பதற்கு 1791 மே மாதத்தைப் பார்க்க வேண்டும். பெங்களூரைப் பிடித்த கார்ன்வாலிஸ், கனகபுரத்துப் பக்கம் சென்று மழைக்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணத்தை எடுத்துவிட நினைத்தார். மே 15ஆம் தேதி அரிகெரேயில் நடந்த சண்டையில் திப்புவைத் தோற்கடிக்கவும் செய்தார். ஆனால் வழி நெடுகத் தீவனத்தைத் திப்புவின் ஆட்கள் எரித்திருந்தார்கள். தீவனம் இல்லாவிட்டால் முதலில் விழுவது மனிதன் அல்ல, இழுவை மாடு. ஒரு பெரிய முற்றுகைப் பீரங்கியை நகர்த்த நாற்பதுக்கும் மேற்பட்ட மாடுகள் வேண்டும். சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு சேர் அரிசி. இருபதாயிரம் பேருக்கு ஒரு நாள் அரிசியைச் சுமக்க மட்டும் இருநூறு, இருநூற்றைம்பது பொதிமாடுகள் தேவைப்படும். இருபது நாள் தள்ளிப் போனால் ஐயாயிரம். படையைப் பின்தொடரும் கூலிகள், சமையற்காரர்கள், வண்டிக்காரர்கள், குடும்பங்கள் படைவீரர்களைவிடப் பல மடங்கு இருப்பார்கள்; அவர்களுக்கும் வயிறு உண்டு. அந்த மாடுகளும் தின்ன வேண்டும். எனவே படை எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவுக்கு அது சுமக்கும் தானியத்தில் பெரும்பகுதி சுமப்பவர்களுக்கே செலவாகிவிடும்.

மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. பீரங்கிகளை வீரர்களே இழுத்தனர். கடைசியில் கார்ன்வாலிஸ் தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டு, வென்ற போர்க்களத்திலிருந்து மே 26ஆம் தேதி திரும்பி நடந்தார். சில மணி நேரத்தில் மராட்டியக் குதிரைப்படை எதிர்ப்பட்டது. அவர்கள் முகாமோடு வந்த சந்தையில் தானியம் கொட்டிக் கிடந்தது. விலை மட்டும் வானத்தைத் தொட்டது. இத்தனை பெரிய நட்புப் படை அருகில் வருவதே கார்ன்வாலிஸுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், திப்புவின் இலகு குதிரைவீரர்கள் தூதர்களை வழியிலேயே மடக்கியதுதான். செய்தியும் வழங்கல் பாதையில் போகும் சரக்குகளில் ஒன்றே.

கம்பெனி இதற்குப் பிறகுதான் பாடம் கற்றது. கற்பித்தவர்கள் தளபதிகள் அல்லர், லம்பாடிகள். பொதிமாட்டுக் கூட்டங்களோடு தக்காணம் முழுவதும் தானியமும் உப்பும் விற்றுத் திரிந்த இந்த வணிகர்கள், விலை கட்டுப்படியானால் எந்தப் படைக்கும் சரக்குக் கொண்டுவருவார்கள்; எந்தப் படையும் அவர்களைக் கொள்ளையடிக்காது, அடித்தால் அடுத்த முறை வரமாட்டார்கள். பெங்களூரிலிருந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அவர்களுக்கு ரொக்க விலை கொடுத்துத் திரட்டினார். 1792 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் மீண்டும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முன் நின்றபோது, அவர் பின்னால் தானியம் வந்துகொண்டே இருந்தது. திப்பு பாதி நாட்டையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

சிதறிய காவல்படைகள், நீண்ட வழங்கல் பாதை ஆகியவற்றுக்குப் பிறகு, கூலிப்படையின் விசுவாசம் என்பது மூன்றாவது சங்கதி. இதைத் துரோகம் என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது சம்பளக் கணக்குதான். நிஜாமிடம் பிரெஞ்சு அதிகாரிகள் பயிற்றுவித்த பெரிய காலாட்படை ஒன்று இருந்தது. 1798 அக்டோபரில் ஹைதராபாத்தில் அதைக் கலைக்க உத்தரவு வந்தபோது, சம்பளப் பாக்கிக்காகச் சிப்பாய்கள் தங்கள் தலைவர் பிரோனையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். கம்பெனிப் படை வளைத்து நின்றது. பாக்கி தருகிறோம் என்றதும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஏறக்குறைய ஒரு குண்டும் வெடிக்காமல் ஆயுதங்களைப் போட்டனர். இலங்கையில் டச்சுக் கம்பெனிக்காகக் காவல் நின்ற சுவிஸ் டி மெரோன் ரெஜிமென்டின் கதையும் இதுதான். படைக்குச் சொந்தக்காரரான டி மெரோன் பிரபுவோடு ஐரோப்பாவில் 1795இல் பேரம் பேசி, பழைய பாக்கியை ஏற்பதாகச் சொல்லி, பிரிட்டிஷார் அதை மொத்தமாகத் தங்கள் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு கொழும்பு விழுந்தது. அதே ரெஜிமென்ட் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண மதிலில் ஏறியது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமிடம் தோற்ற கார்த்தேஜ், கூலிப்படைக்குச் சம்பளம் குறைக்கப்போய்த் தன் சொந்த மண்ணிலேயே இன்னொரு போரைச் சந்தித்ததும் இதே கணக்கில்தான்.

1799இல் ஹனூர்ப் பாதை கடைசியாகப் போர்ச்செய்தியில் வருகிறது. ஜெனரல் ஹாரிஸ் வடக்குப் பாதையில் வருவார் என்று எண்ணித் திப்பு அந்தப் பக்கத்துத் தீவனத்தை அழித்திருந்தார். ஹாரிஸ் சோசலேயில் காவிரியைக் கடந்து, தீவனம் மிச்சமிருந்த தென்கரையில் நடந்தார். எட்டாண்டுக்கு முன் பலித்த உத்தி ஒரு ஆற்றுத்துறையில் வீணாயிற்று. ஆனால் ஏப்ரல் 16ஆம் தேதி முகாமில் அரிசியை அளந்தபோது, பாதிப் படி கொடுத்தாலும் போர்வீரர்களுக்குப் பதினெட்டு நாளைக்கே காணும் என்று தெரிந்தது. பாரமகாலில் கலெக்டராகியிருந்த அதே ரீட், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கர்னல் பிரவுனோடு சேர்ந்து, லம்பாடிகளின் மாட்டுமந்தைகளோடு காவேரிபுரத்துக்கு வந்தார். கோட்டையைப் பிடித்து, பாறையும் காடும் அடைத்த கணவாயைச் சீர்செய்து மேலேற நாட்கள் பிடித்தன. அவர்களை எதிர்கொள்ள ஃபிளாய்ட் குதிரைப்படையோடு அனுப்பப்பட்டார். மே 4ஆம் தேதி பகலில் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தபோது, அந்தத் தானியம் இன்னும் முகாமுக்கு வந்து சேரவில்லை. பதினெட்டு நாள் அரிசியில் பதினெட்டு நாளும் தீர்ந்த நேரம் அது. ஹாரிஸ் அன்று மதிலை ஏறாதிருந்தால், கார்ன்வாலிஸின் 1791 அவருக்கும் வாய்த்திருக்கும்.

கோட்டைக்குள்ளே தாக்குதல் நேரத்தில் சம்பளம் கொடுக்கிறோம் என்று வீரர்களை உடைப்பருகிலிருந்து திப்புவின் அமைச்சர் மீர் சாதிக் விலக்கினார் என்பது மைசூரில் வழங்கிவரும் செய்தி. அது எவ்வளவு உண்மையானாலும், அந்தக் கதை நம்பப்பட்டதற்குக் காரணம் உண்டு: சம்பள நாள் என்றால் சிப்பாய் மதிலை விட்டு வருவான் என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். மீர் சாதிக்கை மைசூர் வீரர்களே அன்று கொன்றார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கம்பெனிக்குக் கிடைத்தவற்றில் திப்புவின் சிம்மாசனமும் நகைகளும் பேசப்பட்ட அளவுக்கு அம்ரித் மகால் மாடுகள் பேசப்படவில்லை. பீரங்கி இழுப்பதற்கென்றே மைசூர் அரசர் காலம் முதல் வளர்க்கப்பட்ட இனம் அது.  1803இல் மராட்டியருக்கு எதிராக ஆர்தர் வெல்லெஸ்லி நடத்திய போரில் அவருடைய பீரங்கிகளை இழுத்துச் சென்றவை அந்த மைசூர் மாடுகள்.