வீட்டைப் பார்த்துக்க ஏஜென்ட் போட்டாச்சா? ஒப்பந்தத்தில் இந்த 4 விஷயம் இருக்கணும்!

செஞ்சியில் சொந்த வீடு, வேலையோ சென்னையில். வாடகை வசூலிக்க ஏஜென்ட் வைத்தால் ஒப்பந்தத்தில் என்ன எழுதணும்?

கட்டணம்: வாடகை 8,000 ரூபாய், கட்டணம் 8 சதவீதம் என வைத்துக்கொள்வோம். மாதம் 640 ரூபாய் போக, மீதி 7,360 ரூபாயை எந்தத் தேதிக்குள் கணக்கோடு தரணும் என எழுதுங்க.

அதிகாரம்: வாடகை வாங்குவது, ரிப்பேர் பார்ப்பது என எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பது தெளிவா இருக்கணும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி இந்த விவரங்களை வாடகைதாரருக்கும் தெரிவிக்க வேண்டும்.

அட்வான்ஸ்: 3 மாத வாடகை என்றால் 24,000 ரூபாய். இதை ஏஜென்ட் வைத்திருந்தாலும், காலி செய்யும்போது வாடகைதாரர் உரிமையாளரிடம்தான் கேட்பார். அதனால் நேரடியாக உரிமையாளர் வங்கிக் கணக்கில் போடச் சொல்வதே பாதுகாப்பு.

நீக்கம்: பலர் சிக்குவது இங்கேதான். ஏஜென்ட்டை நீக்கியது தெரியாமல் வாடகைதாரர் அவரிடமே வாடகை கட்டினால் அது செல்லும். உரிமையாளர் மறுபடி கேட்க முடியாது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 208-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எனவே ஏஜென்ட்டுக்கு நோட்டீஸ் கொடுக்கும் அன்றே வாடகைதாரருக்கும் எழுத்தில் தெரிவித்து, கையெழுத்து வாங்கிடுங்க.