தையல் எங்க தெரியுது?

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1857இல் செத் கரையில் எடுத்த 'பேரலை' படத்தைப் பார்த்தால், கடலும் மேகமும் ஒரே கணத்தில் பிடிபட்டது மாதிரித்தான் இருக்கும். உண்மையில் அது இரண்டு நெகட்டிவ்களை அடிவானக் கோட்டில் சேர்த்து அச்சிட்ட படம். அக்காலக் கொலோடியன் தகடு நீல ஒளியை மிகையாக வாங்கும். கடல் தெளிவாக விழும்வரை திறந்து வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிப் போகும். அதனால் வானத்தைத் தனியாக எடுத்தார். ஒரே மேகத்தை வேறு கடற்படங்களிலும் பாவித்திருக்கிறார்.

ஐம்பது வருடம் கழித்து, 1907இல், நோர்மன் டோன் கலிபோர்னியாவின் பழைய மிஷன் கட்டடங்களைப் படம்பிடித்தார். கமராவுக்கு முன்னால் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, இடிந்த கூரைகளை அதில் வரைந்தார். படத்தின் குறையைத் தூரிகை நிரப்பியது இப்படித்தான். 1994இல் போட்டோஷொப்பின் மூன்றாம் பதிப்பில் லேயர்கள் வந்த பிறகு, அந்தக் கண்ணாடி எங்கட மேசைக்கே வந்துவிட்டது.

அண்மையில் நாங்களும் ஒரு கற்பனை நிலம் செய்து பார்த்தோம்: களப்புக்கு மேலே மிதக்கிற ஒரு பாறை, அதன் உச்சியில் ஒரு கோட்டை. தண்ணீர், மலைமுகம், பழைய சுவர் மூன்றும் வேறுவேறு படங்கள். ஓரங்களை வடிவாக வெட்டியும் பாறை ஸ்டிக்கர் மாதிரியே கிடந்தது. பிழை ஓரத்தில் இல்லை, வெளிச்சத்தில்தான் எண்டு பிறகு விளங்கிச்சு. தண்ணீரில் வெயில் இடப்பக்கமிருந்து, பாறையில் வலப்பக்கமிருந்து. பாறையை இடவலமாகத் திருப்பினோம்.

அப்பவும் சரிவரவில்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, தீப்பெட்டியளவு சுருக்கிப் பார்த்தோம். தூரத்துப் பாறையின் நிழல், எங்கட காலடிக் கரையைவிடக் கறுப்பாக இருந்தது. தூரம் கூடக்கூட நடுவிலுள்ள காற்று நிழலை வெளுக்கச் செய்யும். ஆகவே Levels இல் பாறையின் Output கறுப்பை 0இலிருந்து 60க்கு உயர்த்தினோம். பாறை உடனே பின்னுக்குப் போனது.

தூரிகை எடுத்தது அதன் பிறகுதான். வானத்தின் நிறத்தையே தொட்டு, 20 வீத அடர்த்தியில் பாறையின் அடியில் மூடுபனி பூசினோம். சுவரும் பாறையும் சந்திக்கிற கோட்டில் நிழலும் புல்லும் வரைந்தோம். தண்ணீரில் பாறையின் சாயலைப் போட்டோம். கடைசியாக முழுப் படத்துக்கும் ஒரே மணித்தன்மை; இல்லாவிட்டால் வரைந்த இடம் மட்டும் வழுவழுப்பாகத் தனித்துத் தெரியும்.

ஒன்றை மட்டும் தூரிகையாலும் திருத்த முடியவில்லை. கோட்டைச் சுவரை உச்சி வெயிலில் எடுத்திருந்தோம். ஒவ்வொரு கல்லின் கீழேயும் கூரான நிழல். மாலை வெளிச்சத்துக்கு அதை மாற்றுவதெண்டால் கல் கல்லாகத் திரும்ப வரையவேணும். அந்தப் படத்தை விட்டிட்டு, மப்பு நாளில் எடுத்த இன்னொரு சுவரைத் தேடினோம். அதில் நிழலே இல்லை. எங்களுக்கு வேண்டிய பக்கம் நாங்களே நிழல் போட்டோம்.