பென்சிலில் பிறந்த திட்டம்

தமிழ்நாட்டில் நர்சிங் படிக்கும் மாணவிகளின் கோப்பில் அகலமான கட்டங்கள் போட்ட தாள் ஒன்று கட்டாயம் இருக்கும். இடப்பக்கம் நோயாளியிடம் கண்டவை, அடுத்து அவருடைய பிரச்சினை, பிறகு இலக்கு, அதற்குச் செய்யும் பராமரிப்பு, கடைசியில் கிடைத்த பலன். கேர் பிளான் என்பார்கள். இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டு போகும்போது, யாரோ ஒருவர் ஒரே மூச்சில் உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுத்த தாள் போலத் தெரியும். ஆனால் இந்தக் கட்டங்கள் பிறந்த வரிசை வேறு. பராமரிப்புக் கட்டம்தான் மூத்தது. பிரச்சினைக் கட்டம் கடைக்குட்டி. அது வந்து சேரும்வரை மற்றவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வழியில்லாமல் கிடந்தன.

இந்தக் கதைக்கு ஒரு நோயாளி வேண்டும். நான் கற்பனையில் உருவாக்கியவர்தான். ஆனால் எலும்பு வார்டில் எந்த நாளும் காணக்கூடியவர். எழுபது வயதுப் பாட்டி. குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. உடைந்த எலும்புத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்தியிருக்கிறார்கள். அறுவை முடிந்து இரண்டாம் நாள். காலையிலிருந்து மல்லாந்தே படுத்திருக்கிறார். கேட்டால், “ஒண்ணும் இல்ல கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்” என்கிறார்.

படுக்கைப்புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதிவிட்டார். நோயாளியைக் கூர்ந்து கவனிப்பது பற்றி அதே நூலில் தனி அத்தியாயமே இருக்கிறது. ஆக, கவனிக்க வேண்டும் என்ற அறிவு பழையது. ஆனால் ஒரு செவிலியர் கவனித்ததை அடுத்த டூட்டிக்கு வருபவர் எப்படித் தொடர்வது? அதற்கான தாள் அப்போது இல்லை. அவரவர் தலைக்குள் இருந்தது; டூட்டி முடிந்ததும் அவரோடு வீட்டுக்குப் போனது.

அந்தத் தாளைப் பிறக்க வைத்தது ஆள் பற்றாக்குறை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் போதவில்லை. குறுகிய பயிற்சி பெற்றவர்களும் உதவியாளர்களும் வார்டுகளில் நிறைந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த எலினார் லாம்பர்ட்சன், ஒரு செவிலியர் தலைமையில் சிறு குழுவாக வேலை செய்யும் முறையை வகுத்து 1953-இல் நூலாக வெளியிட்டார். குழு என்று வந்துவிட்டால், தலைவி நினைப்பது மற்றவர்களுக்கு எழுத்தில் தெரிந்தாக வேண்டும். அதற்குக் கைகொடுத்தவை கார்டெக்ஸ் அட்டைகள். வார்டின் நடுவே ஒரு மடிப்புப் பெட்டி. நோயாளிக்கு ஓர் அட்டை. அதில் பென்சிலால் எழுதுவார்கள். நிலைமை மாறினால் அழித்துவிட்டு மேலேயே எழுதுவார்கள். நோயாளி வீடு திரும்பினால் அட்டையும் பெரும்பாலும் குப்பைக்குப் போகும். கேஸ் ஷீட்டோடு சேராது.

நம் பாட்டிக்கு அந்த அட்டையில் என்ன இருந்திருக்கும்? ‘இரண்டு மணிக்கொரு முறை திருப்பவும். முதுகைத் துடைக்கவும். தண்ணீர் அதிகம் கொடுக்கவும். பெட்பேன்.’ எல்லாம் சரியான வேலைகள். ஆனால் எதற்காக என்று இல்லை, எதுவரை என்று இல்லை. ஓர் உதவியாளர் திருப்பப் போகிறார், பாட்டி வேண்டாம் என்கிறார், ‘மறுத்தார்’ என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அட்டையில் எழுதியபடி முயன்றாயிற்று. இதற்குமேல் என்ன செய்யலாம் என்று சொல்ல அந்த அட்டைக்குத் தெரியாது.

அந்த ‘மறுத்தார்’ என்ற இடத்தில்தான் ஐடா ஜீன் ஒர்லாண்டோ வந்து நிற்கிறார். 1961-இல் வெளியான அவருடைய நூல் செவிலியர் நோயாளியிடம் நடத்தும் உரையாடலையே ஆராய்ந்தது. நோயாளியின் நடத்தையைப் பார்த்து நாமாக ஒரு பொருள் கொள்கிறோம். அந்தப் பொருள் சரிதானா என்று அவரிடமே கேட்டு உறுதி செய்த பிறகுதான் செயலில் இறங்க வேண்டும் என்றார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த திருப்பம் இது. பாட்டி நல்லாத்தான் இருக்கேன் என்கிறார். “சரிங்க பாட்டி, ஒரு பக்கமா திரும்பிப் படுக்கச் சொன்னா ஏன் வேண்டாங்கிறீங்க?” என்று கேட்டால் கதை வெளியே வருகிறது. அசைந்தால் கால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. அசையாமல் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும். பெட்பேன் வைக்க இடுப்பைத் தூக்க வேண்டும். அதனால் தண்ணீரும் குடிப்பதில்லை.

1967-இல் ஹெலன் யூராவும் மேரி வால்ஷும் இந்தச் சிந்தனைகளை நான்கு படிகளாக ஒழுங்குபடுத்தினார்கள்: நோயாளியின் நிலையைக் கண்டறிதல், திட்டமிடல், செய்தல், பலனை மதிப்பிடல். அட்டையில் இருந்த வேலைப் பட்டியலுக்கு முன்னால் ஒரு கட்டமும் பின்னால் ஒரு கட்டமும் கிடைத்தன. ஆனால் இதில் பிரச்சினைக்குத் தனிப்படி இல்லை. கண்டறிதலுக்குள்ளேயே அது அடங்கிக் கிடந்தது. அதனால் பலர் மருத்துவரின் நோய்ப்பெயரையே பிரச்சினையாக எழுதினார்கள். பாட்டிக்கு ‘தொடை எலும்பு முறிவு’ என்று எழுதினால் செவிலியர் செய்ய என்ன இருக்கிறது? முறிவைச் சரிசெய்தவர் அறுவை மருத்துவர். அந்த வேலை முடிந்துவிட்டது.

1973-இல் செயிண்ட் லூயிஸ் நகரில் கிறிஸ்டின் கெப்பி, மேரி ஆன் லாவின் இருவரும் கூட்டிய தேசிய மாநாடு இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. செவிலியர் தாமே அடையாளம் கண்டு, தாமே பொறுப்பேற்று நடத்தக்கூடிய பிரச்சினைகளுக்குப் பெயரிட்டுப் பட்டியலிட்டார்கள். மூன்றாண்டுகள் கழித்து மார்ஜரி கோர்டன் அந்தப் பெயர்களை எழுதும் முறையைச் சொன்னார்: பிரச்சினை, அதன் காரணம், அதற்கான அடையாளங்கள், மூன்றும் ஒரே வாக்கியத்தில். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் தாளின் மற்ற எல்லாக் கட்டங்களும் இந்த மூன்றிலிருந்துதான் இழுக்கப்படுகின்றன. இலக்கு பிரச்சினையிலிருந்து வரும். பராமரிப்பு காரணத்தை நோக்கிப் போகும். கடைசி மதிப்பீடு அதே அடையாளங்களை மறுபடி பார்க்கும்.

பாட்டியிடம் வருவோம். படுத்திருக்கும்போது வலி பத்துக்கு 3, திரும்பும்போது 8 என்கிறார். நேற்று முழுவதும் குடித்த தண்ணீர் 700 மில்லி. சிறுநீர் அடர் மஞ்சள். இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்கு மேல், உள்ளங்கையில் பாதி அளவுக்குச் சிவந்திருக்கிறது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. தோல் கிழியவில்லை, ஆனால் அழுத்தப் புண்ணின் முதல் நிலை தொடங்கிவிட்டது. வலி மாத்திரை ‘கேட்டால் கொடுக்கவும்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. பாட்டி கேட்பதே இல்லை.

இதை மூன்று தனிப் பிரச்சினைகளாக எழுதி மூன்று வரிசை நிரப்பலாம். அப்படி எழுதினால் தண்ணீர் குடிக்க வற்புறுத்து, திருப்பு, களிம்பு தடவு என்று பழைய அட்டைக்கே போய்ச் சேருவோம். காரணத்தைத் தேடினால் மூன்றுக்கும் அடியில் ஒன்றே இருக்கிறது. எனவே முதல் வரி இப்படி அமையும்: ‘அசையும்போது ஏற்படும் கடும் வலி, காரணம், அறுவைக் காயமும் முறையாகக் கொடுக்கப்படாத வலி மருந்தும், அடையாளம், திரும்பும்போது 8, திரும்ப மறுத்தல், 700 மில்லி நீர்.’ அதற்குக் கீழே, ‘தோல் சிதைவு, காரணம், வலியால் மல்லாந்தே படுத்திருத்தல், அடையாளம், அழுத்தினால் வெளுக்காத சிவப்பு.’

இலக்கில் பலர் தடுமாறுவார்கள். ‘வலியைக் குறைத்தல்’ என்று எழுதினால் அது செவிலியரின் வேலை. இலக்கு நோயாளியிடம் காணப்போகும் மாற்றமாக, நாளோடும் அளவோடும் இருக்க வேண்டும்: ‘24 மணி நேரத்தில், திரும்பும்போது வலி 4 அல்லது அதற்குக் கீழ் என்று பாட்டி சொல்வார். 48 மணி நேரத்தில் சிவந்த இடம் அழுத்தினால் வெளுக்கும், தோல் கிழியாது.’ வலியே இல்லாமல் போகும் என்று எழுதுவது நடக்காத காரியம்.

பராமரிப்பு காரணத்தை நோக்கித் திரும்புகிறது. மருத்துவரிடம் பேசி, கேட்டால் கொடுக்கும் மாத்திரையை ஆறு மணிக்கொரு முறை என்று மாற்றுவது. காலையில் மருந்து கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து பிசியோதெரபியும் உடல் துடைப்பும். கால்களுக்கிடையே தலையணை வைத்து, அறுவை மருத்துவர் அனுமதித்த பக்கமாக இரண்டு பேர் சேர்ந்து, இரண்டு மணிக்கொரு முறை 30 டிகிரி அளவுக்குச் சாய்ப்பது. சிவந்த இடத்தைத் தேய்க்காமல் இருப்பது. அடியில் நசுங்கிய தசையை அது இன்னும் புண்ணாக்கும். இதயத்திலும் சிறுநீரகத்திலும் தடை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பகலில் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் 150 மில்லி தண்ணீர்.

இப்படி எழுதிய தாளை அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு மாற்ற முடியாது. புத்தகத்திலிருந்து பெயர்த்தெழுதிய தாளைக் கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான். நோயாளியின் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். வார்டில் வேறு யாருக்கும் அது பொருந்துமானால், கண்டறிதல் கட்டத்தில் இருப்பதும் பராமரிப்புக் கட்டத்தில் இருப்பதும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை என்று பொருள். இன்னொரு அடையாளம் கடைசிக் கட்டம். திட்டம் எழுதிய அதே மணியில், அதே மையில், ‘இலக்கு நிறைவேறியது’ என்றிருக்கும். வலி எத்தனை என்று யாரும் மறுபடி கேட்டிருக்கமாட்டார்கள். வகுப்பில் மதிப்பெண்ணுக்காக எழுதும்போது வரும் பழக்கம் இது, வார்டில் ஆபத்து.

பாட்டியின் கடைசிக் கட்டத்தை நேர்மையாக நிரப்பினால் என்ன தெரியும்? 24 மணி நேரம் கழித்துப் பகலில் திரும்பும்போது வலி 4. தண்ணீர் 1,300 மில்லி. ஆனால் சிவப்பு அப்படியே இருக்கிறது. இலக்கு பாதி நிறைவேறியது என்று எழுதிவிட்டு நிறுத்த முடியாது; எந்தப் பாதி, ஏன் என்று பின்னோக்கிப் போக வேண்டும். திருப்பிய நேரப் பதிவைப் பார்த்தால் நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் ‘மறுத்தார்’ என்றிருக்கிறது. மருந்துத் தாளில் பன்னிரண்டு மணி மாத்திரைக்கு எதிரே ‘உறங்குகிறார்’. பாவம், எழுப்ப மனம் வராமல் இரவு டூட்டிச் செவிலியர் விட்டுவிட்டார். மாலை ஆறு மணி மருந்தின் பலம் தீர்ந்த பிறகு பாட்டியைத் திருப்ப முயன்றிருக்கிறார்கள்.

ஆகவே பிரச்சினை மாறவில்லை, இலக்கும் மாறவில்லை, பராமரிப்பில் ஒரு வரி மட்டும் மாறுகிறது: ‘இரவு 12 மணிக்குத் திருப்புவதற்காக எழுப்பும்போதே மாத்திரையும் கொடுக்கவும், இதைப் பாட்டியிடம் மாலையிலேயே சொல்லிச் சம்மதம் பெறவும்.’ பழைய வரியை இப்போது யாரும் அழிப்பதில்லை. அதன்மேல் ஒரே கோடு, பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. தாள் கேஸ் ஷீட்டோடு சேர்ந்து போகிறது. நேற்று என்ன நினைத்தோம், அது எங்கே தவறியது, ஏன் மாற்றினோம் என்பதை இரவு டூட்டிக்கு வருபவர் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.