அந்த ‘ஓம்’ எந்தக் கேள்விக்கு? வெட்டப்பட்ட ஸ்கிரீன்ஷொட்டுகளை வாசிப்பது எப்படி

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பலர் இன்று வட்ஸ்அப் குழுக்கள் வழியாகவே கூடிப் பேசுகிறார்கள். அங்கு எழுதப்படும் ஒரு சொல் வெட்டப்பட்டு வெளியே போனால், பல வருடப் போராட்டத்தின் நிலைப்பாடே மாறிவிட்டதாகத் தோன்றக்கூடும். கற்பனையான ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

காலை 9.10இற்கு ஒருவர் குழுவில் கேட்கிறார்: “சனிக்கிழமை கூட்டத்தை முன்பள்ளியில வைப்பமோ அக்கா?” 9.14இற்கு இன்னொருவர் எழுதுகிறார்: “இழப்பீட்டுப் படிவத்தில கையெழுத்து வைக்கச் சொல்லுகினம். வைப்பமோ?” 9.15இற்கு சங்கச் செயலாளரின் பதில் வருகிறது: “ஓம், எனக்குச் சம்மதம்.” அவர் பதிலளித்தது கூட்டம் பற்றிய கேள்விக்கு. அவர் எழுதிக்கொண்டிருந்தபோது இடையில் மற்றக் கேள்வி வந்து விழுந்துவிட்டது.

இப்போது 9.10 செய்தியை மேலே வெட்டிவிட்டு மிச்சத்தைப் பகிர்ந்தால், செயலாளர் இழப்பீட்டை ஏற்றுக்கொண்டதாகவே எவரும் வாசிப்பார்கள். படத்தில் ஒரு எழுத்தும் மாற்றப்படவில்லை. அடுத்தடுத்து இருப்பவற்றைக் கேள்வியும் பதிலுமாக எடுத்துக்கொள்ளும் நமது பழக்கமே ஏமாற்றுகிறது.

செயலாளர் 9.10 செய்தியை விரலால் வலப்பக்கம் இழுத்துவிட்டுப் பதில் எழுதியிருந்தால், அவரது பதிலுக்குள்ளேயே ஒரு சிறு பெட்டியில் கேட்டவரின் பெயரும் “சனிக்கிழமை கூட்டத்தை…” என்ற வரியும் வந்திருக்கும். இதுவே மேற்கோள் பதில். மூலச் செய்தியை வெட்டினாலும் இந்தப் பெட்டி பதிலோடு ஒட்டியே இருக்கும். படத்தை ஓரங்களிலிருந்துதான் வெட்டலாம். நடுவிலிருக்கும் பெட்டியை நீக்க இரண்டு துண்டுகளை ஒட்டவோ, அழித்துத் திருத்தவோ வேண்டும். குழுவில் பதிலளிப்பவரின் பெயர் பெட்டிக்கு மேலே இருப்பதால், பெட்டியோடு சேர்த்து மேற்பகுதியை வெட்டினால் யார் சொன்னது என்பதும் போய்விடும்.

ஆகவே, கிடைத்த படத்தில் முதற்செய்தியின் மேல்விளிம்பு பாதியில் அறுந்திருக்கிறதா, பெயர் இல்லாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நேரங்களையும் பாருங்கள். கேள்விக்கும் நீளமான பதிலுக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லையென்றால், அந்தப் பதில் வேறொன்றுக்கானதாக இருக்கலாம்.

மேற்கோள் பெட்டிக்கும் எல்லை உண்டு. நீண்ட செய்தியின் தொடக்க வரிகளை மட்டுமே அது காட்டும்; “ஆனால்” என்று தொடங்கும் நிபந்தனை அதற்குக் கீழே மறைந்திருக்கலாம். குழுவுக்குள் பெட்டியைத் தொட்டால் மூலச் செய்திக்குப் போகலாம். படத்தில் அது முடியாது. உரையாடலை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்தாலும் இந்தப் பெட்டிகள் அதில் வருவதில்லை. எனவே படத்தை அனுப்பியவரிடம் முன்னும் பின்னுமுள்ள செய்திகளைக் கேளுங்கள். அவர் தராவிட்டால், அந்தக் குழுவில் உள்ள வேறொருவரிடம், “அந்த ‘ஓம்’ எந்தக் கேள்விக்கு?” என்று கேட்டறிந்த பின்னரே பகிருங்கள்.